கம்பெனிப் பெட்டி மோடமாக மட்டும் இருக்கட்டும்

ஃபைபர் இணைப்போடு வீட்டுக்கு வரும் வெள்ளைப் பெட்டி ஒரே நேரத்தில் நான்கு வேலை பார்க்கிறது. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறியாக மாற்றுகிறது. யூசர்நேமும் பாஸ்வேர்டும் அனுப்பி நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பை எழுப்புகிறது. கிடைத்த ஒரே ஒரு ஐபி முகவரியை வீட்டிலுள்ள போன், டிவி, லேப்டாப் அத்தனைக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. வைஃபையும் பரப்புகிறது. இதில் முதல் வேலையை அந்தப் பெட்டிதான் செய்தாக வேண்டும். அதன் சீரியல் எண்ணையோ அதற்குள் பதிந்த அடையாளத்தையோ பார்த்துத்தான் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவி அதைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது; வேறு பெட்டியைச் செருகினால் ஒளி வரும், இணைப்பு வராது. மற்ற மூன்று வேலைகளைக் கடையில் வாங்கிய ரூட்டரும் செய்யும். பெரும்பாலும் இன்னும் நன்றாகவே செய்யும். அந்த மூன்றையும் நம் ரூட்டருக்கு மாற்றிவிட்டு, ஒளியை மாற்றித் தரும் வேலையை மட்டும் கம்பெனிப் பெட்டியிடம் விட்டுவைப்பதற்குப் பெயர் பிரிட்ஜ் மோட்.

சொந்த ரூட்டர் வாங்கும் பலர் இதைச் செய்வதில்லை. கம்பெனிப் பெட்டியின் பின்னால் ஒரு கேபிளைச் செருகி, மறுமுனையை ரூட்டரின் நீல நிற `WAN` துளையில் போட்டுவிட்டால் நெட் வந்துவிடுகிறது. யூடியூப் ஓடுகிறது, வாட்ஸ்அப் போகிறது. பிறகு எதற்கு மெனக்கெட வேண்டும்? பலருக்கு உண்மையிலேயே தேவையில்லை. ஆனால் வெளியிலிருந்து வீட்டுக்குள் வர வேண்டிய தேவை ஒன்று முளைத்ததும் சிக்கல் தொடங்கும்.

திண்டுக்கல்லில் வருமான வரி, ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் ஒருவரின் வீட்டை எடுத்துக்கொள்வோம். பிஎஸ்என்எல் ஃபைபர், 300 எம்பிபிஎஸ் திட்டம். வீட்டுக் கணினியில் டேலி ஓடுகிறது. பஜாரில் இருக்கும் அலுவலகத்திலிருந்து அந்தக் கணினியைத் திறக்க வேண்டும். அதற்காக வயர்கார்ட் விபிஎன் வசதியுள்ள நல்ல ரூட்டர் ஒன்றை வாங்கிக் கம்பெனிப் பெட்டிக்குப் பின்னால் மாட்டுகிறார். வீட்டுக்குள் எல்லாம் வேலை செய்கிறது. அலுவலகத்திலிருந்து மட்டும் விபிஎன் தொடவே மாட்டேன் என்கிறது. காரணத்தைத் தெரிந்துகொள்ள விண்டோஸ் கணினியில் ஒரே ஒரு கட்டளை போதும்.

```
tracert -d 8.8.8.8

  1   1 ms   1 ms   1 ms   192.168.0.1
  2   2 ms   1 ms   2 ms   192.168.1.1
```

இணையத்துக்குப் போகும் வழியில் முதல் நிறுத்தம் 192.168.0.1. அது அவருடைய ரூட்டர். இரண்டாவது நிறுத்தமும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: 192.168.1.1, கம்பெனிப் பெட்டி. முகவரியைப் பங்கிடும் வேலை இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒரே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வெளிவாசலில் ஒரு காவலாளி, உள்வாசலில் ஒரு காவலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் வெளியே போக இருவரும் விடுகிறார்கள். வெளியிலிருந்து வருபவருக்கு யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற குறிப்பை உள்வாசல் காவலாளியிடம் மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். வெளிவாசல்காரருக்கு ஒன்றும் தெரியாததால் வந்தவரை அங்கேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

இரட்டைப் பங்கீடு என்பது இதுதான். தொழிலில் உள்ளவர்கள் ‘டபுள் நாட்’ என்பார்கள். வெளியிலிருந்து வரும் விபிஎன், வீட்டு சர்வர், நண்பர்களை நம் கன்சோலோடு இணைக்கும் சில விளையாட்டுகள் ஆகியவை இதில் அடிபடும். கம்பெனிப் பெட்டிக்குள் நுழைந்து அங்கேயும் ஒரு வழி திறந்துவிட்டால் இது சரியாகும் என்பது உண்மை. `DMZ` என்ற இடத்தில் நம் ரூட்டரின் முகவரியைக் கொடுத்து, வருவதையெல்லாம் அதற்கே தள்ளிவிடச் சொல்லலாம். அவசரத்துக்கு அது போதும். ஆனாலும் இரண்டு பெட்டிகளும் ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியாகக் கணக்கு வைத்துக்கொண்டுதான் இருக்கும். மலிவான கம்பெனிப் பெட்டியின் நினைவகம் நிறைந்தால் நல்ல ரூட்டர் இருந்தும் பயனில்லை. வெளிவாசல் காவலாளியை எடுத்துவிடுவதே சரியான தீர்வு என்பது என் கருத்து.

இங்கே இரண்டு தடுப்புக் கேள்விகளைக் கேட்டுக்கொள்வது பணத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் மிச்சப்படுத்தும்.

முதல் கேள்வி: தேவை வைஃபை மட்டும்தானா? மாடியில் சிக்னல் எட்டவில்லை என்பதுதான் குறை என்றால் பிரிட்ஜ் மோட் வேண்டாம். வாங்கிய ரூட்டரின் அமைப்பில் `Access Point` என்று ஒரு முறை இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் ரூட்டர் பங்கீட்டு வேலையை விட்டுவிட்டு வைஃபையை மட்டும் பரப்பும். டபுள் நாட் வராது. கம்பெனிப் பெட்டியில் எதையும் தொட வேண்டியதில்லை. பத்து நிமிட வேலை.

இரண்டாவது கேள்வி: நிறுவனம் நமக்குத் தருவது பொது முகவரிதானா? ஐபிவி4 முகவரிகள் உலக அளவில் தீர்ந்துபோன பிறகு, பல நிறுவனங்கள் தங்கள் பக்கத்திலேயே ஒரு பெரிய பங்கீட்டுக் கருவியை வைத்து, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குக் கொடுக்கின்றன. இதற்கென்றே 2012இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான எண்கள் ஒதுக்கப்பட்டன. கம்பெனிப் பெட்டியின் `Status` பக்கத்தில் `WAN` முகவரியைப் பாருங்கள். அது 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினாலோ, 10 என்று தொடங்கினாலோ, மூன்றாவது காவலாளி ஒருவர் நிறுவனத்தின் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். பிரிட்ஜ் மோட் அவரை எழுப்பிவிட முடியாது. ‘ஸ்டாட்டிக் ஐபி’ கேட்டுக் கட்டணம் கட்டுவது ஒரு வழி. இரு பக்கமும் ஐபிவி6 இருந்தால் அதன் வழியே வருவது இன்னொரு வழி. நம் திண்டுக்கல்காரரின் பெட்டியில் தெரிந்த முகவரியும், கூகுளில் ‘what is my ip’ என்று தேடினால் வரும் முகவரியும் ஒன்றாகவே இருந்தன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவருக்குப் பிரிட்ஜ் மோட் பயன்படும்.

கையில் இருக்க வேண்டியவை

கம்பெனிப் பெட்டி செய்துவந்த டயல் வேலையை நம் ரூட்டர் செய்யப் போகிறது. ஆகவே அந்தப் பெட்டிக்குத் தெரிந்ததெல்லாம் நமக்குத் தெரிய வேண்டும். மாற்றம் தொடங்கிய பிறகு இவற்றைத் தேடக் கூடாது. அப்போது நெட் இருக்காது.

முதலாவது யூசர்நேமும் பாஸ்வேர்டும். பிஎஸ்என்எல் ஃபைபரில் யூசர்நேம் பெரும்பாலும் `@ftth.bsnl.in` என்று முடியும். பெட்டியின் பக்கத்தில் யூசர்நேம் தெரியும். பாஸ்வேர்டு இருக்கும் இடத்தில் வெறும் புள்ளிகள்தான் தெரியும். இணைப்புக் கொடுத்தவரிடம் கேட்டு வாங்குவதே நேரான வழி. எல்லா நிறுவனமும் இந்த டயல் முறையை வைத்திருப்பதில்லை. சில நிறுவனங்கள் யூசர்நேம் எதுவும் கேட்காமல் நேரடியாக முகவரி தரும். அங்கே ரூட்டரில் `PPPoE`க்குப் பதில் `Dynamic IP` என்று வைத்தால் போதும். சில நிறுவனங்கள் பிரிட்ஜ் மோடுக்கே இடம் கொடுப்பதில்லை. ரூட்டர் வாங்கும் முன்பே அதை விசாரித்துவிட வேண்டும்.

இரண்டாவது விலான் எண். இதை அறியாமல்தான் பெரும்பாலான முயற்சிகள் முதல் மணி நேரத்திலேயே நின்றுபோகின்றன. ஒரே கண்ணாடி இழையில் இணையம், தரைவழித் தொலைபேசி, பெட்டியைத் தூரத்திலிருந்து பராமரிக்கும் தகவல் என மூன்றும் ஓடுகின்றன. ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் முத்திரை குத்தப்படுகிறது. அந்த எண் 1 முதல் 4094 வரை எதுவாகவும் இருக்கலாம். பிஎஸ்என்எல்லில் இது ஊருக்கு ஊர், ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் மாறுகிறது. யூடியூபில் யாரோ சொன்ன எண் அவர் ஊருக்குத்தான் பொருந்தும். நம் பெட்டியின் `WAN` பக்கத்தில் இப்போது என்ன எண் இருக்கிறதோ அதுதான் நம் எண். லைன்மேனிடம் கேட்பதென்றால் சுற்றி வளைக்க வேண்டாம்: “தம்பி, பெட்டிய பிரிட்ஜ்ல போட்டுட்டு என் ரூட்டர்ல டயல் பண்ணிக்கிறேன். இன்டர்நெட்டுக்கு விலான் நம்பர் என்ன, பாஸ்வேர்டு என்னன்னு மட்டும் சொல்லுங்க.” பலர் உடனே சொல்லிவிடுவார்கள். பிரிட்ஜில் போட்டுத் தருவதையே அவர்கள் செய்துகொடுப்பதும் உண்டு. அவர்கள் செய்யத் தயார் என்றால் விட்டுவிடுவது நல்லது. பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு அவர்களிடம் இருக்கும்.

மூன்றாவது, இப்போதுள்ள அமைப்பின் நகல். பெட்டியின் `WAN` பக்கங்களை ஒவ்வொன்றாக மொபைலில் படம் எடுத்துவைக்க வேண்டும். `Backup` வசதி இருந்தால் கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம். இதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. ஏதாவது தவறினால் பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு இருக்கும் `RESET` ஓட்டையில் குத்திவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். தயவுசெய்து குத்த வேண்டாம். கடையில் வாங்கிய ரூட்டருக்கு அது பாதுகாப்பான வழி. ஃபைபர் பெட்டியில் அது விலான் எண்ணையும் தொலைபேசிக்கான விவரங்களையும் அழித்துவிடும். சில பெட்டிகளில் எக்ஸ்சேஞ்சுக்குத் தன்னை அடையாளம் காட்டும் பதிவையும் சேர்த்து அழித்துவிடும். பிறகு லைன்மேன் வந்தால்தான் வழி.

பெட்டியில் செய்வது

லேப்டாப்பைக் கேபிள் வழியாகக் கம்பெனிப் பெட்டியில் செருகி 192.168.1.1க்குப் போனால் அட்மின் பக்கம் திறக்கும். பெட்டிக்குப் பெட்டி தோற்றம் மாறினாலும், நம் ஊரில் பரவலாக உள்ள பெட்டிகளில் `WAN` பகுதியில் இருக்கும் இணைப்புப் பட்டியல்தான் நமக்குத் தேவை. திண்டுக்கல் வீட்டில் அந்தப் பட்டியலில் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன: ஒன்று `INTERNET`, மற்றது `VOICE`. `VOICE` இணைப்பைத் தொடவே கூடாது. தரைவழித் தொலைபேசி அதில்தான் ஓடுகிறது. அந்த வேலை பிரிட்ஜுக்குப் பிறகும் கம்பெனிப் பெட்டியிடமே இருக்கும். வேண்டாத இணைப்பு என்று நினைத்து அதை நீக்கியவர்கள் வீட்டில் நெட் வரும், போனில் டயல் டோன் வராது.

`INTERNET` இணைப்பைத் திறந்தால் `Channel Mode` என்ற இடத்தில் `PPPoE` என்று இருக்கும். அதை `Bridged` என்று மாற்ற வேண்டும். மாற்றியதும் யூசர்நேம், பாஸ்வேர்டு கட்டங்கள் மறைந்துவிடும். முகவரிப் பங்கீட்டுக்கான தேர்வும் அணைந்துவிடும். விலான் எண் மட்டும் பழையபடியே இருக்கட்டும். முத்திரை குத்தும் வேலையைக் கம்பெனிப் பெட்டியே செய்வதால் நம் ரூட்டரில் விலான் எண் தேவைப்படாது. இரண்டு இடத்திலும் அதைப் போட்டால் ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு முத்திரை விழுந்து இணைப்பு எழாது. இது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

அடுத்து `Port Mapping`. பெட்டியின் எந்தத் துளை இந்தப் பிரிட்ஜோடு சேர வேண்டும் என்று இங்கே சொல்கிறோம். பலரும் `LAN1` என்று குறித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பெட்டியைத் திருப்பி ஒருமுறை பார்ப்பது நல்லது. விலை குறைந்த பெட்டிகளில் ஒரு துளை மட்டும் ஜிகாபிட் வேகத்தில் இருக்கும். `GE` என்று எழுதியிருக்கும். மற்றது `FE`, அதாவது 100 எம்பிபிஎஸ். 300 எம்பிபிஎஸ் திட்டத்தை `FE` துளையில் மாட்டினால் வேகச் சோதனையில் 94 வரை காட்டி அங்கேயே நின்றுவிடும். எத்தனை முறை சோதித்தாலும் 93, 94 என்றே வருகிறதென்றால் லைனைக் குறை சொல்ல வேண்டாம். துளையோ கேபிளோதான் காரணம். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் ஜிகாபிட் இணைப்பு தானாகவே 100க்கு இறங்கிக்கொள்ளக்கூடும்.

இத்தனையும் சேமித்த பிறகு கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடலாம். பிரிட்ஜில் போன பிறகும் அது பழைய பெயரோடு ஒளிபரப்பிக்கொண்டே இருந்தால், வீட்டிலுள்ள போன்கள் அதில் ஒட்டிக்கொண்டு நெட் வரவில்லை என்று காட்டும். புது ரூட்டருக்குப் பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையுமே வைத்துவிட்டால் டிவி, போன் எதிலும் மறுபடி இணைக்கும் வேலை இருக்காது.

ரூட்டரை மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை

இந்த இடத்தில் உடனே ரூட்டரை மாட்டாமல் நிற்க வேண்டும். நெட் வரவில்லையென்றால் குறை பெட்டியிலா, ரூட்டரிலா, பாஸ்வேர்டிலா என்று அப்போது தெரியாது. லேப்டாப்பையே நேராகப் பெட்டியில் மாட்டி டயல் செய்து பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். விண்டோஸில் `Network and Sharing Center` சென்று `Set up a new connection` வழியாக `Broadband (PPPoE)` தேர்ந்தெடுத்து யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்தால் போதும்.

இணைந்துவிட்டால் பிரிட்ஜ் சரி, விலான் சரி, பாஸ்வேர்டும் சரி. இணையாவிட்டால் விண்டோஸ் காட்டும் எண்ணைப் பாருங்கள். 651 என்றால் லேப்டாப் கூப்பிட்ட குரலுக்கு மறுமுனையில் யாரும் பதில் சொல்லவில்லை. பிரிட்ஜ் அமையவில்லை, அல்லது விலான் எண் தவறு, அல்லது பிரிட்ஜோடு சேராத துளையில் மாட்டியிருக்கிறோம். பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடிப்பதால் பயன் கிடையாது; பேச்சு அங்கே வரை போகவே இல்லை. 691 என்றால் பிரிட்ஜ் நன்றாக வேலை செய்கிறது, மறுமுனை பேசுகிறது, ஆனால் உள்ளே விட மறுக்கிறது. முதலில் எழுத்துகளைச் சரிபார்க்க வேண்டும்.

எழுத்துகள் சரியாக இருந்தும் 691 வந்தால் இன்னொரு காரணம் இருக்கக்கூடும். ஒரு யூசர்நேமுக்கு ஒரு இணைப்பு மட்டும் என்று நிறுவனங்கள் கட்டுப்படுத்தி வைப்பது வழக்கம். கம்பெனிப் பெட்டி சற்று முன்பு வரை இணைப்பில் இருந்தது. அது முறையாக விடைபெறாமல் போயிருந்தால், சர்வரின் கணக்கில் பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. அது காலாவதியாகும் வரை புதியவருக்கு இடமில்லை. சற்றுநேரம் பொறுத்து மறுபடி டயல் செய்தால் வந்துவிடும். இன்னும் வரவில்லையென்றால், சில ஆபரேட்டர்கள் முன்பு இணைந்திருந்த கருவியின் மேக் முகவரியைப் பதிந்துவைத்திருப்பார்கள். போன் செய்து அதை அழிக்கச் சொல்ல வேண்டும்.

சோதனை முடிந்ததும் லேப்டாப்பில் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் கேபிளைக் கழற்ற வேண்டும். சும்மா பிடுங்கினால் ரூட்டருக்கும் அதே 691 சிக்கல் வரும். இதை நீண்ட நேரம் ஓடவிடவும் வேண்டாம். இந்த நிலையில் லேப்டாப் எந்தத் தடுப்பும் இல்லாமல் நேராக இணையத்தில் நிற்கிறது; விண்டோஸின் ஃபயர்வால் ஒன்றுதான் காவல்.

ரூட்டரில் செய்வது

ரூட்டரின் `WAN` துளையில் கேபிளை மாட்டி, `Internet` பகுதியில் `PPPoE` தேர்ந்தெடுத்து, அதே யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்தால் சில நொடிகளில் இணைய வேண்டும். இப்போது `tracert` கட்டளையை மறுபடி ஓட்டினால் 192.168.1.1 என்ற வரி இருக்காது. ரூட்டருக்கு அடுத்த நிறுத்தமே நிறுவனத்தின் கருவிதான். ரூட்டரின் `Status` பக்கத்தில் முன்பு 192.168.1 என்று தொடங்கிய முகவரி இருந்த இடத்தில் இப்போது பொது முகவரி நிற்கும். திண்டுக்கல்காரரின் விபிஎன் இனி ரூட்டரின் கதவைத் தட்டிப் பதில் வாங்கும். அந்தப் பொது முகவரி மறுபடி டயலாகும்போது மாறக்கூடும் என்பதால், மாறும் முகவரியை ஒரு நிலையான பெயரோடு இணைத்துக்கொடுக்கும் `DDNS` வசதியையும் ரூட்டரில் இயக்கிவிட வேண்டும். முன்பு அது முடங்கிக் கிடந்தது, ரூட்டரின் கண்ணுக்குப் பொது முகவரி தெரியாமல் இருந்ததால்.

நெட் வந்த பிறகும் ஒரு விசித்திரமான குறை சில வீடுகளில் தலைகாட்டும். கூகுள் திறக்கும், சில தளங்கள் பாதியில் தொங்கும். வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், படம் போகாது. பாக்கெட்டின் அளவுதான் இதற்குக் காரணம். சாதாரண இணைப்பில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். டயல் முறையில் ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னாலும் 8 பைட் தலைப்பு ஒட்டப்படுவதால் மீதி 1492தான். ரூட்டரின் `MTU` கட்டத்தில் 1500 என்று இருந்தால், பெரிய பாக்கெட்டுகள் வழியில் எங்கோ சத்தமில்லாமல் விழுந்துவிடும், சிறியவை மட்டும் போய்ச் சேரும். இதைக் கையோடு சோதித்துவிடலாம்.

```
ping -f -l 1464 8.8.8.8
```

1464 பைட் தகவலோடு 28 பைட் தலைப்பு சேர்ந்து 1492 ஆகிறது. இதற்குப் பதில் வந்து, எண்ணை 1472 ஆக்கியதும் பதில் வராமல் போனால் பாதையின் அளவு எதிர்பார்த்தபடி 1492. ரூட்டரில் அதையே எழுதிவிட வேண்டும். பெரும்பாலான ரூட்டர்கள் `PPPoE` தேர்ந்தெடுத்ததும் தாமாகவே 1492 வைத்துக்கொள்ளும். யாராவது வேகம் கூடும் என்று நம்பி அதை 1500 ஆக்கியிருந்தால்தான் இந்தத் தொல்லை.

ஐபிவி6ஐயும் மறந்துவிடக் கூடாது. கம்பெனிப் பெட்டிக்குப் பின்னால் இரண்டாவதாக நின்றபோது ரூட்டருக்குப் பெரும்பாலும் ஐபிவி6 கிடைத்திருக்காது. தனக்கு வந்த முகவரித் தொகுதியை அடுத்த ரூட்டருக்குப் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் மலிவான பெட்டிகளுக்கு இல்லை. இப்போது ரூட்டரின் `IPv6` பகுதியில் அதே டயல் இணைப்பையே பயன்படுத்தச் சொல்லி, `Prefix Delegation` இயக்கினால், நிறுவனம் ஐபிவி6 தருகிற இடங்களில் அது நேராக வரும்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. டயல் தலைப்பை ஒட்டுவதும் முகவரி மாற்றுவதும் இனி ரூட்டரின் சுமை. நல்ல ரூட்டர்களில் இதைத் தனி வன்பொருளே செய்துவிடும். ஆனால் `QoS`, போக்குவரத்துக் கணக்கு போன்ற வசதிகளை இயக்கினால் சில ரூட்டர்களில் அந்தக் குறுக்குவழி மூடிக்கொண்டு, எல்லாம் பிராசஸர் தலையில் விழும். லேப்டாப்பில் நேராக டயல் செய்தபோது 300 வந்து, ரூட்டர் வழியே 150தான் வருகிறதென்றால் முதலில் அந்த வசதிகளை அணைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு வரும் நாட்களில்

பிரிட்ஜில் போன பெட்டியின் `INTERNET` விளக்கு அணைந்தே இருப்பது சகஜம். அது டயல் செய்வதில்லை, ஆகவே விளக்கு எரிய வேண்டிய காரணமில்லை. பார்க்க வேண்டிய விளக்குகள் இரண்டுதான். `PON` பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். `LOS` அணைந்திருக்க வேண்டும். `LOS` சிவப்பாகக் கண் சிமிட்டினால் ஒளி வரவில்லை, கண்ணாடி இழை எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது; ரூட்டரில் என்ன செய்தாலும் வராது. `PON` நிலையாக எரிந்து ரூட்டர் மட்டும் இணையவில்லையென்றால் லேப்டாப் டயல் சோதனைக்குப் போகலாம்.

கம்பெனிப் பெட்டியின் பக்கத்தைத் திரும்பப் பார்க்க வேண்டி வந்தால், ரூட்டருக்குப் பின்னாலிருந்து 192.168.1.1 திறக்காது. லேப்டாப்புக்குக் கையால் 192.168.1.10 என்ற முகவரி கொடுத்து, பெட்டியின் மற்றொரு துளையில், பிரிட்ஜோடு சேராத துளையில் நேராகச் செருகிப் பார்க்க வேண்டும். நம் ரூட்டரின் உள்முகவரி பெட்டியினுடையதாகவே இல்லாமல் வேறாக இருப்பது நல்லது என்பதற்கும் இதுவே காரணம். இரண்டும் 192.168.1.1 ஆக இருந்தால் எந்தப் பெட்டியின் பக்கத்தைப் பார்க்கிறோம் என்பதே குழம்பிவிடும்.

எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு காலையில் ரூட்டர் இணைய மறுக்கலாம். பெட்டியைத் தூரத்திலிருந்து பராமரிக்கும் வசதி, திரையில் `TR069` என்று தெரிவது, நிறுவனத்தின் சர்வரோடு பேசிப் பழைய அமைப்பை மீட்டுவைத்திருக்கலாம். அல்லது வீட்டில் யாரோ இருந்தபோது லைன்மேன் வந்து பெட்டியையே மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். கண்டுபிடிப்பது எளிது. ரூட்டரின் இணைப்பு வகையைத் தற்காலிகமாக `Dynamic IP` ஆக்கிப் பாருங்கள். 192.168.1 என்று தொடங்கும் முகவரி கிடைத்தால் பெட்டி பழையபடி தானே டயல் செய்யத் தொடங்கிவிட்டது. அவசரமென்றால் அன்றைக்கு அப்படியே விட்டு ஓட்டலாம், விபிஎன் மட்டும் வராது. நேரம் கிடைத்ததும் மொபைலில் இருக்கும் படங்களைப் பார்த்து மறுபடி பிரிட்ஜில் போட்டுவிடலாம்.

இணையத்துக்கு நேர் எதிரே இனி நிற்பது நம் ரூட்டர் என்பதால் அதன் அட்மின் பாஸ்வேர்டைக் கடையில் வந்தபடி வைத்திருக்கக் கூடாது. வெளியிலிருந்து அமைப்புப் பக்கத்தைத் திறக்க விடும் `Remote Management` அணைந்திருக்க வேண்டும். ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்தால் ஏற்ற வேண்டும். முன்பு இவையெல்லாம் கம்பெனிப் பெட்டியின் பொறுப்பில் இருந்தன. அதைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவெடுத்தது நிறுவனம். இப்போது முடிவெடுக்க வேண்டியவர் வீட்டுக்காரர். விலான் எண், யூசர்நேம், பிரிட்ஜ் போட்ட துளையின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதிக் கம்பெனிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிட்டால், பழுது பார்க்க வருபவர் புதிதாக இருந்தாலும் வீட்டுக்காரரைத் தேடி அலைய வேண்டியிருக்காது. பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம்.